வலி குறைஞ்சாலும் வீட்டுல வெச்சுப் பார்க்கக் கூடாதவை

எல்லாருக்கும் வணக்கம். பக்கவாதத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். அதுல பெரும்பாலும் வலியே இருக்காது. அதனாலதான் "படுத்து எழுந்தா சரியாயிடும்"னு விட்டுடுறோம்.

சிரிக்கச் சொல்லுங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா? ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்க, ஒண்ணு தானா இறங்குதா? பேரு கேளுங்க, நாக்கு குழறுதா? மூணுல ஒண்ணு இருந்தாலே 108. கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வைங்க. அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சி.டி. ஸ்கேன்ல ரத்தக்கசிவு இல்லைன்னு பார்க்கணும். அதனால ஸ்கேன் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேரா போங்க. தண்ணி, காபி, மாத்திரை எதுவும் வாயில ஊத்தாதீங்க, புரையேறி நுரையீரலுக்குள்ள போயிடும். பத்து நிமிஷத்துல தானா சரியாயிட்டாலும் அன்னைக்கே போகணும். அடுத்தது பெருசா வரலாம்.

நெஞ்சுல பாரம் வெச்ச மாதிரி அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுற வலி, கூடவே குப்புன்னு வியர்வை. இது மாரடைப்பா இருக்கலாம், ஆனா நம்ம ஊர்ல இதுக்கு முதல் வைத்தியம் சோடா! சர்க்கரை உள்ளவங்களுக்கு நெஞ்சுவலியே இல்லாம மூச்சு வாங்கலோ மேல்வயித்து எரிச்சலோ மட்டும் வரலாம். நடக்க விடாதீங்க, பைக்ல ஏத்தாதீங்க.

டெங்குல காய்ச்சல் விட்டதும் நிம்மதி ஆயிடுறோம். நீர்ச்சத்து ரத்தக்குழாய்ல இருந்து கசியுற கட்டம் அப்பத்தான் வரும். கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், கைகால் சில்லிப்பு, ஆறு மணி நேரமா சிறுநீர் போகலைன்னா உடனே கிளம்புங்க.

கட்டுவிரியன் கடிச்ச இடம் சில சமயம் தெரியவே தெரியாது. ராத்திரி தரையில படுத்தவங்க விடியக்காலையில வயித்துவலின்னு எழுந்து, கண் இமை தொங்குச்சுன்னா சந்தேகப்படுங்க. கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க. எலி பேஸ்ட் வாயில பட்டிருந்தாலும் முதல்ல ஒண்ணும் தெரியாது: ஒண்ணு ரெண்டு நாள் நல்லா இருப்பாங்க, அப்புறம் கல்லீரல் கெடும். வாந்தி எடுக்க வைக்காம, டப்பாவையும் எடுத்துக்கிட்டுப் போங்க.

கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், குழந்தை துடிப்பு குறையுறது: எதுக்கும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

குழந்தைங்களுக்கு மூச்சை எண்ணணும். அழாம இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க. ரெண்டு மாசத்துக்குள்ள 60, ஒரு வயசுக்குள்ள 50, அஞ்சு வயசுக்குள்ள 40. அந்த அளவைத் தொட்டாலே ஆஸ்பத்திரி. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுந்தாலோ, பால் குடிக்காம துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ எண்ணிக்கிட்டு நிக்காதீங்க.

கைக்குழந்தையோட வந்தவங்க முன்னாடி வாங்க. போன்ல ஒரு நிமிஷம் வெச்சு இப்பவே எண்ணிப் பார்ப்போம்.