நூல் பாக்கிப் பட்டியல் திரை, இரண்டாம் வரைவு: மறுஆய்வுக் குறிப்பு

வணக்கம். பாக்கிப் பட்டியலின் இரண்டாம் வரைவையும் ஓடும் மாதிரியையும் பார்த்துவிட்டேன். இப்போதைக்கு ஒப்புதல் தரவில்லை. எண்கள் நிற்கும் விதம் மாறியே ஆக வேண்டும். வரிகளின் உயரமும் வரிசைப்படுத்தும் அம்புகளும் அதற்கு அடுத்தவை. வண்ணங்களும் மேலே உள்ள தேடலும் நன்றாக வந்திருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம்.

இந்தத் திரையைத் திறப்பவர் திருப்பூரில் ஒரு நூல் கடையின் கணக்கர். காலையில் வந்ததும் இன்று எந்தப் பார்ட்டிக்குப் போன் போட வேண்டும் என்று பார்ப்பார். ஒரு பில்லை இடமிருந்து வலமாகப் படிப்பது அதற்கு அப்புறம்தான். முதலில் அவர் கண் பாக்கித் தொகையிலும் பாக்கி நாளிலும் மேலிருந்து கீழே இறங்கும். வரைவு குறுக்கே படிக்க வசதியாக இருக்கிறது, கீழே இறங்கிப் படிக்க விடவில்லை.

தொகைகள் எல்லாம் நடுவில் நிற்கின்றன. அதனால் 1,40,962.50 என்ற தொகைக்குக் கீழே 17,955 வரும்போது, பத்தாயிரத்தின் இலக்கத்துக்கு மேலே எது நிற்கிறது என்றே சொல்ல முடியவில்லை. சில தொகைக்குப் பைசா இருக்கிறது, சிலவற்றுக்கு இல்லை, ஓரிடத்தில் 9,08,250.5 என்று ஒற்றை இலக்கத்தோடு நிற்கிறது. அட்வான்ஸ் கொடுத்த பார்ட்டியின் தொகையை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். வலப்பக்கம் ஒட்டினாலும் அந்த மூடும் குறி இலக்கங்களை ஒரு எழுத்து உள்ளே தள்ளிவிடும். முன்னால் கழித்தல் குறி போட்டால் அந்தச் சிக்கல் இல்லை. நான் எதிர்பார்ப்பது இது:

```
 1,40,962.50
   17,955.00
   -4,500.00
 9,08,250.50
```

பைசா காணாமல் போவதற்குக் காரணம் எண்ணை எழுத்தாக்கும் இடத்தில் இருக்கிறது. எத்தனை தசம இலக்கம் என்று சொல்லாவிட்டால் கடைசிப் பூஜ்ஜியங்களை அது விட்டுவிடும். இரண்டு என்று கட்டாயப்படுத்துங்கள். `en-IN` வைத்திருப்பதால் லட்சத்துக்கான காற்புள்ளி சரியாக விழுகிறது, அது அப்படியே இருக்கட்டும்.

```js
new Intl.NumberFormat('en-IN', {
  minimumFractionDigits: 2,
  maximumFractionDigits: 2
})
```

வலப்பக்கம் ஒட்டினால் மட்டும் போதாது. இன்டர் எழுத்துருவில் இயல்பாக 1 ஒல்லியாகவும் 8 அகலமாகவும் இருக்கும். 1,11,111.00 என்பதும் 8,88,888.00 என்பதும் இலக்கத்துக்கு இலக்கம் நேர் நிற்காது. எல்லா இலக்கத்துக்கும் ஒரே அகலம் தரும் வசதி அந்த எழுத்துருவிலேயே இருக்கிறது. போட வேண்டியது இவ்வளவுதான்:

```css
td.num, th.num {
  text-align: right;
  font-variant-numeric: tabular-nums;
}
```

எடை, விலை, தொகை, பாக்கி, நாள் ஆகிய ஐந்துக்கும் இது பொருந்தும். எடைக்கு மட்டும் மூன்று தசமம் வையுங்கள், கிராம் வரை பில்லில் வருகிறது. ஆனால் பில் எண்ணையும் எச்.எஸ்.என். குறியீட்டையும் இடப்பக்கமே விடுங்கள். அவை இலக்கத்தில் எழுதிய பெயர்கள். 5205 என்பதை யாரும் கூட்டப்போவதில்லை. ₹ குறி ஒவ்வொரு வரியிலும் வேண்டாம், தலைப்பில் "பாக்கி (₹)" என்று ஒருமுறை போதும்.

இதைச் செய்தவுடன் இன்னொரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வலம் ஒட்டிய விலைக்குப் பக்கத்திலேயே இடம் ஒட்டிய எச்.எஸ்.என். இருக்கிறது. 268.50 5205 என்று இரண்டும் ஒரே எண்ணாகத் தெரியும். இரு பக்கமும் 16 பிக்சல் உள்வெளி வைத்தால் நடுவே 32 கிடைக்கும், அது போதும். அகலமான திரையில் மிஞ்சும் இடம் முழுவதும் பார்ட்டி பெயருக்குப் போகட்டும், எண்களின் நெடுவரிசைகளை இழுக்க வேண்டாம்.

வரி உயரம் 64 பிக்சல் அதிகம். கணக்கர் வைத்திருப்பது 1366×768 திரை. மேலே கருவிப்பட்டை, தேடல், தலைப்பு, கீழே மொத்தம் எல்லாம் போக, உங்கள் வரைவில் சுமார் 386 பிக்சல்தான் வரிகளுக்கு மிஞ்சுகிறது. ஆறு பார்ட்டிதான் தெரியும். 40 ஆக்கினால் ஒன்பது முழுதாகவும் பத்தாவது பாதியாகவும் தெரியும். அந்தப் பாதி வரி நல்லதுதான், கீழே இன்னும் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். அதற்கும் கீழே 32க்குப் போகலாமா என்றால், வேண்டாம். தமிழில் மேலே புள்ளியும் கீழே கு, டு, ளு போன்றவற்றின் வாலும் இருக்கின்றன. 14 பிக்சல் எழுத்துக்கு வரியிடைவெளி 1.5 இருந்தால்தான் மூச்சு விடும். இப்போது 1.2 இருக்கிறது. 64 பிக்சல் உயரம் கொடுத்தும் "குமாரபாளையம்" நசுங்கித் தெரிவது அதனால்தான்.

பார்ட்டி பெயரை மூன்று புள்ளி போட்டு வெட்டியிருப்பதை எடுத்துவிடுங்கள். ஒரே பெயரில் அவிநாசி ரோட்டில் ஒரு கிளையும் காங்கேயம் ரோட்டில் ஒரு கிளையும் இருக்கின்றன. வெட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும், அப்புறம் போன் தவறான ஆளுக்குப் போகும். பெயர் இரண்டாம் வரிக்கு மடியட்டும், அந்த ஒரு வரி மட்டும் உயர்ந்தால் பரவாயில்லை. மாறி மாறி வரும் சாம்பல் பட்டையும் கட்டமும் சேர்ந்து வேண்டாம். மெல்லிய குறுக்குக் கோடு போதும்.

இனி அம்புகள். எல்லாத் தலைப்பிலும் மேல், கீழ் என்று இரட்டை அம்பு எப்போதும் நிற்கிறது. எது இப்போது வேலை செய்கிறது என்பதை சாம்பலின் ஒரு சாயல் மட்டும் சொல்கிறது. எனக்கே உற்றுப் பார்த்துதான் தெரிந்தது. வரிசைப்படுத்திய நெடுவரிசையில் மட்டும் ஒரே ஒரு அம்பு அழுத்தமாக நிற்கட்டும், தலைப்பு எழுத்தும் தடிக்கட்டும். மற்றவற்றில் மங்கலான இரட்டைக் குறி இருக்கலாம். ஆனால் பின்னணியோடு 3:1 வேறுபாட்டுக்குக் கீழே போக வேண்டாம். எண் தலைப்புகளில் அம்பை எழுத்துக்கு இடப்பக்கம் வையுங்கள். அப்போதுதான் தலைப்பின் வல ஓரமும் இலக்கங்களின் வல ஓரமும் ஒரே கோட்டில் வரும்.

அம்பை மட்டும் தொட்டால்தான் வேலை செய்கிறது. தலைப்பு முழுவதும் பொத்தானாக இருக்கட்டும், விசைப்பலகைக்கும் எட்ட வேண்டும்:

```html
<th scope="col" class="num" aria-sort="descending">
  <button>பாக்கி நாள்</button>
</th>
```

`aria-sort` ஒரு நேரத்தில் ஒரு தலைப்பில் மட்டும். பாக்கி, பாக்கி நாள் இரண்டிலும் முதல் சொடுக்கு பெரியதிலிருந்து தொடங்கட்டும், குறைந்த பாக்கியைத் தேடி யாரும் வருவதில்லை. திரை திறக்கும்போதே பாக்கி நாள் வரிசையில் வந்தால் இன்னும் நல்லது.

மாதிரியை அழுத்திப் பார்த்ததில் மூன்று பிழைகள் கிடைத்தன. கவுண்ட் வரிசையில் 100s வந்த பிறகுதான் 20s வருகிறது. பில் தேதியில் 01-03-2025க்குப் பின்னால் 28-02-2025 நிற்கிறது. இரண்டும் எழுத்தாக ஒப்பிடுவதால் வருபவை, அடியில் உள்ள எண்ணையும் தேதியையும் ஒப்பிட வேண்டும். மூன்றாவது, பாக்கியைப் பெரியதிலிருந்து அடுக்கினால் "மொத்தம்" வரி முதல் பார்ட்டியாக மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதை `tfoot`க்கு மாற்றுங்கள்.

அடுத்த வரைவில் சுத்தமான மாதிரித் தரவு வேண்டாம். இரண்டு வரிக்கு மடியும் பெயர், அட்வான்ஸ் தொகை, பூஜ்ஜியப் பாக்கி, தேதி விடுபட்ட பில் ஒவ்வொன்றாவது இருக்கட்டும். விடுபட்டவை எந்தத் திசையில் அடுக்கினாலும் கடைசியில் வர வேண்டும். வியாழக்கிழமைக்குள் அனுப்பினால், வெள்ளி காலை கணக்கர் முன்னாலேயே திறந்து பார்த்துவிடலாம்.