இன்று தாமதமாக வந்ததற்கு மன்னிப்பு: வியாழன் காலை 7.30க்கு வரட்டுமா சார்?

வணக்கம் சார். ஏசி மெக்கானிக் செல்வம் எழுதுகிறேன்.

ஆனையூர் வீட்டில் அம்மா அறையில் இருக்கும் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசியைப் பார்க்க இன்று செவ்வாய் காலை 10.30க்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்து சேர்ந்தது 1.10க்கு. எனக்காக அரை நாள் லீவு போட்டு 12.45 வரை காத்திருந்துவிட்டு நீங்கள் ஆபீஸ் கிளம்பியிருக்கிறீர்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் சார். வீட்டில் அம்மா மட்டும் இருந்தார்கள். கட்டிலை நகர்த்தி, ஏணி போட்டு, தண்ணீர் அடித்துச் செய்கிற வேலை என்பதால் நீங்கள் இல்லாமல் தொடங்க வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். காலை 7 மணிக்குத் திருநகரில் ஒரு கேஸ் லீக் வேலை. பைப்பில் நைட்ரஜன் ஏற்றி 300 பிஎஸ்ஐயில் நிறுத்தியபோது கால் மணி நேரத்தில் முள் 20 இறங்கியது. சோப்பு நுரை போட்டுப் பார்த்ததில் அவுட்டோர் யூனிட்டின் ஃபிளேர் விரிசல் விட்டிருந்தது. நட்டை முன்பு யாரோ அளவுக்கு மீறி முறுக்கியதால் வந்தது. பைப்பை வெட்டிப் புதிதாக ஃபிளேர் அடித்து, மறுபடி பிரஷர் நிறுத்தி, அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் வேக்குவம் போட வேண்டியிருந்தது. இந்த வேலையைப் பாதியில் விட்டு வர முடியாது. திறந்த பைப்பில் காற்றின் ஈரம் இறங்கினால் கம்ப்ரசர் ஆயில் அதை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு கம்ப்ரசரே போய்விடும்.

ஆனால் வேலை இழுக்கும் என்பது 9.15க்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே உங்களுக்கு ஒரு போன் செய்திருந்தால் நீங்கள் லீவு போடாமல் வேலைக்குப் போயிருக்கலாம். அதைச் செய்யாதது முழுக்க என் தவறு. 11.15க்கும் 12 மணிக்கும் நீங்கள் அழைத்தபோது போன் கீழே வண்டிப் பையில், நான் மொட்டை மாடியில். இனிமேல் போன் சட்டைப் பையில்தான் இருக்கும்.

வியாழக்கிழமை (15ஆம் தேதி) காலை 7.30க்கு உங்கள் வீட்டு வேலையை அன்றைய முதல் வேலையாக வைத்திருக்கிறேன். முதல் வேலை என்பதால் இன்னொரு வீட்டு வேலை இழுத்து உங்கள் நேரத்தைத் தின்ன வழியில்லை. 11 மணி வரை அடுத்த வேலை எதுவும் ஒப்புக்கொள்ளவில்லை. 6.50க்குக் கிளம்பும்போது இதே எண்ணிலிருந்து லைவ் லொக்கேஷன் அனுப்புகிறேன். 7.45 தாண்டி வந்தால் சர்வீஸ் கூலி தர வேண்டாம்.

வியாழன் சரிப்படாவிட்டால் ஞாயிறு காலை 8 மணி இருக்கிறது. சனிக்கிழமை வேண்டாம் சார், உங்கள் பகுதியில் காலை 9 முதல் மாலை 5 வரை பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாமல் பம்ப்பும் ஓடாது, கழுவி முடித்து ஏசியை ஓட்டிப் பார்க்கவும் முடியாது.

அதற்குள் நீங்கள் ஒன்று பார்த்துச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். குளிர்ச்சி குறைவு, சுவரில் தண்ணீர் வழிகிறது என்று சொன்னீர்கள். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, டிரெயின் டிரேயில் பாசி மாதிரி வழுவழுப்பான கசடு சேர்ந்து பைப் அடைத்திருக்கலாம். மற்றொன்று, உள்ளே காயிலில் ஐஸ் பிடித்து, அது உருகி டிரேக்கு வெளியே சொட்டலாம். இன்று இரவு கீழே ஒரு பேசின் வைத்து, கூல் மோடில் 24 டிகிரியில் அரை மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். பிறகு ரிமோட்டில் நிறுத்தி, ஸ்டெபிலைசரையும் ஆஃப் செய்துவிட்டு, முன் மூடியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். உள்ளே தெரியும் அலுமினியத் தகடுகளைத் தொட வேண்டாம், பிளேடு போல விரலைக் கிழிக்கும்.

காயில் முழுக்க வெள்ளையாக ஐஸ் இருந்தால் பெரும்பாலும் ஃபில்டரும் புளோயரும் அழுக்கடைந்து காற்றோட்டம் நின்றிருக்கும். ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் கட்டி மற்ற இடம் காய்ந்திருந்தால் கேஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் நைட்ரஜன் சிலிண்டர், வேக்குவம் பம்ப், ஆர்32 கேஸ், எடைத் தராசு எல்லாம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். தெரியாமல் வெறும் சர்வீஸ் சாமானோடு வந்தால் திரும்பப் போய் எடுத்து வருவதிலேயே இன்னொரு தாமதம் ஆகிவிடும். போட்டோ கேட்பது அதற்காகத்தான்.

ஐஸே இல்லையென்றால் பெரும்பாலும் அடைப்புதான். நாளை மாலை 7 மணிக்கு மேல் நீங்கள் வீட்டில் இருந்தால் 20 நிமிடத்தில் டிரெயின் பைப்பின் வெளி முனையிலிருந்து வேக்குவம் போட்டு உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். இதற்குக் காசு வேண்டாம். இந்தக் கத்திரி வெயிலில் அம்மா ஏசி இல்லாமல் இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. முழு சர்வீஸை வியாழனே செய்துகொள்ளலாம்.

ஐஸ் தெரிந்தால் நான் வரும்வரை கூல் மோடில் ஓட்டாதீர்கள், கம்ப்ரசருக்குக் கெடுதல். காற்றுக்கு ஃபேன் மோடில் ஓட்டலாம், ஐஸும் உருகிவிடும். சொட்டும் இடத்துக்குக் கீழே பிளக் பாயிண்ட் இருந்தால் அதன் சுவிட்சை ஆஃப் செய்துவிடுங்கள். கழற்றிய ஃபில்டரைக் குழாய்த் தண்ணீரில் காட்டி, நிழலில் காயவைத்து மாட்டிவிடுங்கள். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்து திரும்பப் பொருந்தாது.

வியாழன் வேலை இப்படி இருக்கும்: கவர் கட்டி, புளோயர், காயில், டிரே மூன்றையும் பிரஷர் பம்ப்பில் கழுவி, டிரெயின் பைப்பின் சரிவைப் பார்த்து, அவுட்டோரையும் கழுவி, கடைசியில் 20 நிமிடம் ஓட்டிக் காட்டுவேன். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். நீங்கள் 9.30க்குக் கிளம்பலாம். கேஸ் லீக் என்றால் மட்டும் கூடுதலாக மூன்று மணி நேரம் ஆகும், அப்போது வீட்டில் அம்மாவோடு இன்னொருவர் இருக்கட்டும். இரண்டு பக்கெட் தண்ணீரும், கட்டிலைச் சுவரிலிருந்து மூன்றடி நகர்த்தியும் வைத்தால் போதும். ஏணி நான் கொண்டுவருகிறேன்.

சர்வீஸ் கூலி 800 ரூபாய். விசிட்டிங் சார்ஜ் 350 வாங்க மாட்டேன், இன்றைக்கும் இல்லை, வியாழனுக்கும் இல்லை. கேஸ் போட வேண்டியிருந்தால் லீக் எங்கே என்று உங்களிடம் காட்டி, தொகையைச் சொல்லி, நீங்கள் சரி என்ற பிறகுதான் தொடங்குவேன். லீக்கை அடைக்காமல் மேலே மேலே கேஸ் ஏற்றுவது வீண் செலவு சார், யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வியாழனா ஞாயிறா என்று நாளை மதியம் 12 மணிக்குள் ஒரு வரி அனுப்புங்கள். அதுவரை இரண்டு நேரத்தையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அம்மாவிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள், வெயிலில் வந்திருக்கிறாய் என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

செல்வம்
ஏசி சர்வீஸ், மதுரை