உங்கள் அறை முன்பதிவு ரத்து: திரும்ப வரும் தொகை 11,400 ரூபாய்

வணக்கம்.

மார்ச் 15 முதல் மூன்று இரவுகளுக்கு நீங்கள் எடுத்திருந்த அறை ரத்தாகிவிட்டது. நீங்கள் கட்டிய 15,850 ரூபாயில் 11,400 ரூபாய் உங்களுக்குத் திரும்ப வரும். 4,450 ரூபாயை நாங்கள் பிடித்துக்கொள்கிறோம். இன்று காலை அனுப்பிய செய்தியில் 'உரிய கட்டணங்கள் கழிக்கப்படும்' என்று மட்டும் எழுதியிருந்தோம். எவ்வளவு, எதற்கு என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். விவரம் இதோ.

பிடித்தத்தில் பெரிய பகுதி முதல் இரவு வாடகை: 4,000 ரூபாய், அதற்கான வரி 200 ரூபாய். அறைக்கு வரவேண்டிய நேரத்துக்கு 48 மணி நேரம் முன்புவரை ரத்து செய்தால் வாடகையில் எதுவும் பிடிப்பதில்லை. 15ஆம் தேதி மதியம் 2 மணிக்கு நீங்கள் வரவேண்டியிருந்தது. ரத்து செய்தது 14ஆம் தேதி மாலை 6 மணிக்கு, அதாவது 20 மணி நேரம் முன்பு. அந்த இரவுக்கு வேறு யாராவது அறையை எடுத்திருந்தால் இந்தத் தொகையையும் விட்டிருப்போம். யாரும் எடுக்கவில்லை. மீதி 250 ரூபாய், ஆன்லைனில் பணம் கட்டியபோது சேர்ந்த சேவைக் கட்டணம். பணப் பரிமாற்றம் நடந்த அன்றே அது பேமென்ட் நிறுவனத்துக்குப் போய்விட்டதால் எங்களால் திரும்ப வாங்க முடியாது.

திரும்ப வருவதில், மற்ற இரண்டு இரவுகளின் வாடகை 8,000 ரூபாய், அதற்கான வரி 400 ரூபாய். காலை உணவுக்குக் கட்டிய 1,800 ரூபாய் முழுவதும் வரும், முதல் நாளுக்கு உரியதும் சேர்த்துத்தான். சமைக்காத சாப்பாட்டுக்குக் காசு வாங்குவது சரியல்ல. உங்களை அழைத்துவர ஏற்பாடு செய்த காரும் கிளம்பவில்லை, ஆகவே அந்த 1,200 ரூபாயும் அப்படியே வரும்.

நீங்கள் கட்டிய அதே கிரெடிட் கார்டுக்கு இன்று பிற்பகல் பணத்தை அனுப்பிவிட்டோம். வேறு கணக்குக்கு மாற்றித் தர வழியில்லை. வங்கி அதை வரவு வைக்க 5 முதல் 7 வேலை நாட்கள் ஆகலாம். அதற்குள் உங்கள் கார்டு பில் வந்துவிட்டால் இந்த வரவு அடுத்த பில்லில்தான் தெரியும். இதைக் கழித்துக்கொண்டு கட்டாமல், பில்லில் உள்ளதைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள். ஏழு வேலை நாள் தாண்டியும் வரவில்லையென்றால் இந்த மெயிலுக்கே பதில் போடுங்கள். வங்கியில் காட்டித் தேடச் சொல்வதற்கான பரிமாற்றக் குறிப்பு எண்ணை அனுப்புகிறோம். பணம் திரும்பத் தருவதற்காக ஓடிபி, கார்டு எண், பின் எதையும் நாங்கள் கேட்க மாட்டோம். யாராவது போனில் கேட்டால் சொல்லாதீர்கள்.

பயணக் காப்பீடு எடுத்திருந்தால், பிடித்த 4,450 ரூபாயை அங்கே கேட்டுப் பார்க்கலாம். அதற்கு ரத்துச் சான்றும் பணம் கட்டிய ரசீதும் வேண்டியிருக்கும். இரண்டையும் இத்துடன் இணைத்திருக்கிறோம்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். சீக்கிரம் குணமாகட்டும்.

முன்பதிவுப் பிரிவு