ஜமாலை கத்தாருக்கு அனுப்பி வைக்கிற பாட்டு லிஸ்ட் (ஜமாலுக்கு யாரும் ஃபார்வர்ட் பண்ணாதீங்க)

மக்களே, ஞாயித்துக்கிழமை மஃரிபுக்கு அப்புறம் வேதாளைல ஜமால் வீட்டு மொட்டமாடி. பீச்சுல வைக்கலாம்னு குமார் சொன்னான், இந்த ஆடிக் கச்சான் காத்துல தெக்குக் கடக்கரைல உக்காந்தா பிரியாணில பாதி மணல்தான் இருக்கும், அதனால மாடி. ஞாயிறுன்னு வச்சதே அந்தோணிக்காகத்தான், சனிக்கிழமை கடலுக்குப் போன போட்டு ஞாயிறு காலைல கரைக்கு வந்துரும், மத்தியானம் தூங்கி எந்திரிச்சு வந்துருவான்.

பாட்டு லிஸ்ட் என் பொறுப்பு. ஆளாளுக்குப் போனை நீட்டி "மாப்ள இத போடு"ன்னு வந்தா ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு கீழ போயிருவேன். இதுல ஒரு கணக்கு இருக்கு. எல்லா ஃபேர்வெல்லயும் என்ன பண்றோம், முதல்ல ஆட்டம், கடைசில அழுவாச்சி, போறவன் மூக்கச் சிந்திக்கிட்டே வண்டி ஏறுறான், வீட்ல இருக்கவங்க விடிய விடிய அழுகுறாங்க. இதுல அழுகை நடுவுல வந்துட்டுப் போயிரும், வேன் ஏறும்போது அவன் சிரிச்சுக்கிட்டே ஏறணும், ஏன்னா உம்மா கண்ணுல நிக்கப்போறது அந்த மூஞ்சிதான், ரெண்டு வருசத்துக்கு.

இறைவனிடம் கையேந்துங்கள் – நாகூர் ஹனிபா

தொழுதுட்டு எல்லாரும் மேல ஏறி வர்ற நேரம். இது உம்மாவுக்கு. நம்ம ராமநாதபுரத்துல பொறந்த குரல்தான இது, ஊர் பேரு மட்டும் நாகூருக்குப் போயிருச்சு. அந்தோணி அம்மாவும் இந்தப் பாட்ட முழுசாப் பாடுவாங்க, தெரியுமா உங்களுக்கு? சவுண்டு பாதி வச்சா போதும். பாட்டு முடியிற வரைக்கும் யாரும் தட்டுல கைய வைக்கக்கூடாது, குமாரு, உன்னத்தான்.

கண்டா வரச்சொல்லுங்க – கர்ணன், 2021

இது எப்ப போடணும்னு சொல்லவே வேணாம். எல்லாரும் வந்து உக்காந்துருப்போம், விழாவுக்கு நாயகன் மட்டும் இருக்க மாட்டான். சொந்த வீட்டு மாடிக்கே லேட்டா வர்றவன் அவன் ஒருத்தன்தான். 2025 ஏப்ரல்ல புதுப் பாம்பன் பாலம் தெறந்தப்ப, வாடா போயி பாப்போம்னு ஊரே கெளம்புச்சு, இவன் தலை சீவி முடிச்சு வர்றதுக்குள்ள கூட்டமே கலைஞ்சு வீட்டுக்கு வந்துருச்சு. கிடக்குழி மாரியம்மாள் குரல் ஆரம்பிச்ச உடனே எல்லாரும் மாடிக் கைப்புடிச் சுவர்கிட்ட வந்து தெருவப் பாத்து ஒண்ணாப் பாடணும். பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன்.

முஸ்தபா முஸ்தபா – காதல் தேசம், 1996

இத கடைசில போடணும்னு நாலு பேரு மெசேஜ் பண்ணிருக்கீங்க. முடியாது. ரஹ்மான் பாடின நல்ல பாட்டு, ஒத்துக்கிறேன், ஆனா ஸ்கூல் ஃபேர்வெல், காலேஜ் ஃபேர்வெல், பேங்க் மேனேஜர் ரிட்டயர்மென்ட்னு எல்லாத்துலயும் போட்டுத் தேச்சாச்சு, இப்ப அழுகையே வர மாட்டேங்குது. அதனால மூணாவதுலயே முடிச்சுருவோம். இன்னொரு காரணம், ஜமாலோட காக்கா பேரு முஸ்தபா. படத்துல ஹீரோ ரெண்டு பேருல ஒருத்தனுக்குக்கூட அந்தப் பேரு கெடையாது, கார்த்திக், அருண்னுதான் பேரு, ஆனா பாவம் நம்ம காக்கா பிளஸ் டூல இருந்து இந்தப் பாட்டால அடி வாங்கிக்கிட்டு இருக்காரு. ஒவ்வொரு முஸ்தபாவுக்கும் அவரு "என்னடா?"ன்னு கேக்கணும், பேசி வச்சுட்டேன், ஒத்துக்கிட்டாரு.

அப்படி போடு – கில்லி, 2004

ஆடு. காரணம் வேணுமா என்ன.

கறுப்புதான் எனக்குப் புடிச்ச கலரு – வெற்றிக் கொடி கட்டு, 2000

இந்தப் பாட்டுக்கு முன்னாடி அந்தப் படத்துல வடிவேலு துபாய் பெருமை பேசுறதும் பார்த்திபன் நோண்டி நோண்டிக் கேக்குறதும் ஆடியோவா வெட்டி வச்சுருக்கேன், அத முதல்ல ஓட்டுவேன். அது முடிஞ்ச உடனே ரவி பார்த்திபனா மாறி ஜமால்கிட்ட கேள்வி கேக்கணும்: கத்தார்ல எந்த ஏரியா, ரூம்ல எத்தன பேரு, யாரு சமைப்பா, ஏசி ரிப்பேர் பண்றவன் ரூம்லயே ஏசி ஓடலன்னா யார கூப்புடுவ. கேள்விக்கு ஜமால் முழிக்கிறத வீடியோ எடுத்து வைங்க.

சிரிப்புதான், ஆனா படம் எதப் பத்தின்னு ஞாபகம் இருக்குல்ல, வெளிநாட்டு வேலைன்னு பணத்தக் கட்டி ஏஜென்ட்கிட்ட ஏமாந்து போற ரெண்டு பேரு கதை. ஜமாலும் அந்த ரூட்ல ஒருக்கா போயிட்டு வந்தவன்தான். பணம் வாங்குன ஆளு ஆபீஸ பூட்டிட்டுப் போயிட்டான், உம்மா வளையல் ரெண்டு போச்சு. இந்தத் தடவ அந்தக் கம்பெனில வேலை பாக்குற சொந்தக்காரர் மூலமா விசா வந்தது, காண்ட்ராக்ட் பேப்பர ரவிதான் வரி வரியாப் படிச்சுப் பாத்தான். அதனால இப்ப சிரிக்கலாம். அவன் காதுல விழுற மாதிரி வளையல் பேச்சு மட்டும் எடுக்காதீங்க.

இதுக்கப்புறம் சாப்பாடு. சீலா மீன் வறுவல் அந்தோணி கொண்டு வர்றான், பிரியாணி முஸ்தபா காக்கா.

பசுமை நிறைந்த நினைவுகளே – ரத்தத் திலகம், 1963

வயிறு நெறஞ்சதும் இது. கண்ணதாசன் எழுதி டி.எம்.எஸ்., சுசீலா பாடினது, அறுவது வருசம் தாண்டியும் காலேஜ விட்டுப் பிரியிறவனுக்கு இதுக்கு மேல ஒரு பாட்டு வரல. நாம காலேஜே முடிக்கலயேன்னு கேட்டா, ஐடிஐயும் காலேஜ்தான். அந்தோணி டி.எம்.எஸ். குரல்ல பாடுவேன்னு அடம் புடிக்கிறான், பாடட்டும், உசந்த இடத்துல தொண்டை கிழியும், அப்ப சிரிச்சுக்கிட்டே இருக்கும்போது எங்கயோ ஒருத்தன் அமைதியாயிருவான். அது யாருன்னு நான் பந்தயம் கட்டல.

சொர்க்கமே என்றாலும் – ஊரு விட்டு ஊரு வந்து, 1990

இதுதான் நடு. இது ஜமாலுக்குன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, இல்ல, இது அவன் வாப்பாவுக்கு.

ராமராஜன் சிங்கப்பூர் போற படம், இளையராஜாவும் ஜானகியும் பாடினது, நாம வேட்டி வெளம்பரம் மாதிரி சிரிச்சுக்கிட்டுக் கேப்போம். வாப்பா இத தம்மாம்ல ஒரு ரூம்ல படுத்துக்கிட்டுக் கேட்டவரு. அப்ப வீட்ல போன் கெடையாது, லெட்டர் வந்து சேர வாரக்கணக்கு ஆகும், அதனால அவங்க எல்லாம் கேசட்ல பேசிப் பதிவு பண்ணி, ஊருக்கு வர்ற யாராவது சபராளிகிட்ட குடுத்து விடுவாங்க. உம்மா அத டூ இன் ஒன்ல போட்டு, தெருப் பொம்பளைங்க எல்லாம் சுத்தி உக்காந்து கேப்பாங்களாம், நல்லா இருக்கேன், பணம் அனுப்பிருக்கேன், ஆட்ட வித்துறாத, முஸ்தபாவுக்கு நோட்டு வாங்கிக் குடு, இப்படி. பேச்சு முடிஞ்சும் கேசட்ல எடம் மிச்சம் இருக்கும்ல, அத வெறுமனே விட மனசு வராம வாப்பா இந்தப் பாட்ட ரேடியோ பக்கத்துல வச்சுப் பதிஞ்சு அனுப்பிருக்காரு. ஜமால் அப்ப பொறக்கவே இல்ல. அவன் பொறந்த சேதியே அவருக்கு ஒரு கேசட்லதான் போச்சு, அழுகுற சத்தத்தப் பதிஞ்சு அனுப்பிருக்காங்க.

அந்தக் கேசட் இன்னும் இருக்கு. முஸ்தபா காக்கா ராம்நாட்டுல ஒரு கடைல குடுத்து மாத்தி எனக்கு அனுப்பிருக்காரு. அதனால நான் ஒரிஜினல் பாட்டு போடப்போறதில்ல, அந்தக் கேசட்லருந்து வந்தத போடப்போறேன், இரைச்சலோட, நடுவுல யாரோ ரூம்ல இருமுற சத்தத்தோட. பாட்டுக்கு முன்னாடி வாப்பா குரல் கொஞ்சம் வரும், இருவது வயசுப் பையன் மாதிரி இருக்கும். ஜமால் இத இதுவரைக்கும் கேட்டதே இல்ல. வாப்பாட்ட கேட்டுட்டேன், "போடு தம்பி"ன்னு சொல்லிட்டு வெளிய எந்திரிச்சுப் போயிட்டாரு.

இது ஓடும்போது போன் எல்லாம் பைல. வீடியோ வேணாம். அழுகணும்னா இங்க அழுதுக்கங்க.

இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா தான் என்ன – மரியான், 2013

இது நஸ்ரினுக்கு. கல்யாணமாகி இன்னும் ஒரு வருசம் முடியல. லேடீஸ் எல்லாம் மாடிப்படி பக்கம் பாயில உக்காந்துருப்பாங்க, பாட்டு வந்த உடனே அங்கிட்டுத் திரும்பிப் பாக்கக்கூடாது, விசில் கூடவே கூடாது. ரெண்டு பேரும் தண்ணி டேங்க் பக்கம் போனா போகட்டும்.

அப்புறம் உம்மா "இது என்ன படம்ப்பா"ன்னு கேட்டா "ரஹ்மான் பாட்டும்மா"ன்னு மட்டும் சொல்லுங்க. வெளிநாட்டு வேலைக்குப் போன மீனவன ஆப்பிரிக்கால கடத்திட்டுப் போற கதைன்னு எவனாவது வாயத் தெறந்தான், ஜமால் பாஸ்போர்ட் அன்னிக்கு ராத்திரியே அரிசிப் பானைக்குள்ள போயிரும்.

இதே படத்துல கடல் ராசா நான், யுவன் பாடினது, அடுத்து உடனே வரும், அழுகைய அங்கயே வெட்டுறதுக்கு. அந்தோணி ஆடுவான், அவன் கடலுக்கு அவன்தான ராசா.

போடாத பாட்டு ரெண்டு. என் ஃப்ரெண்டப் போல யாரு மச்சான் ஜமால் கல்யாணத்துல போட்டுக் கிழிச்சாச்சு. விடை கொடு எங்கள் நாடே, கன்னத்தில் முத்தமிட்டால், குமார் ரெண்டு தடவ கேட்டுட்டான். எம்.எஸ்.வி. குரல்ல அந்தப் பாட்டு எனக்கும் உசுருதான். ஆனா டேய், அது உசுரக் காப்பாத்திக்க ஊர விட்டு ஓடி வந்தவங்க பாட்டு. மண்டபம் கேம்ப்லருந்து சிவா வருவான்ல, அவன் அப்பம்மா படகுல வந்து எறங்கினவங்க, திரும்பிப் போகவே இல்ல. ஜமாலுக்கு ரிட்டர்ன் டிக்கெட் இருக்கு, லீவு இருக்கு, கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு. சிவா முன்னாடி இவனுக்கு அத போட்டா எனக்கு வாய்க்குள்ள சோறு எறங்காது.

காட்டுக்குயிலு மனசுக்குள்ள – தளபதி, 1991

பையி எல்லாம் எறக்கி வேன்ல ஏத்துனதும் ஸ்பீக்கரயும் கீழ கொண்டு வந்து தெருவுல வச்சுத்தான் இது. எஸ்.பி.பி. ஒரு பக்கம், யேசுதாஸ் ஒரு பக்கம், ரெண்டா பிரிஞ்சு நின்னு பாடுறோம், ஜமால் எந்தப் பக்கம் நிக்கிறானோ அந்தப் பக்கம் தோத்துரணும். வாப்பாவையும் இழுத்து நடுவுல விடுங்க, அவரு ஆடுவாரு, முஸ்தபா கல்யாணத்துல பாத்தேன். பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே வேன் கெளம்பணும், முடிஞ்சப்புறம் நிக்கக்கூடாது, டிரைவர்ட்ட சொல்லியாச்சு.

வேன்ல ராம்நாடு, காரைக்குடி, புதுக்கோட்டைன்னு திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் அவன் இஷ்டம், தூங்குனா தூங்கட்டும். மொத்த லிஸ்டையும் கேசட் ஆடியோவோட சேத்து அவன் போன்ல ஏத்தி விட்டுருவேன், நெட் இல்லாமயே ஓடும். அங்க மணி நம்மள விட ரெண்டரை மணி நேரம் பின்னாடி, நம்ம ராத்திரி பத்துக்கு அவனுக்கு ஏழரை, அப்பதான் ரூமுக்கு வந்துருப்பான், அந்நேரத்துல போன் போட்டு வளவளன்னு பேசாதீங்க, சமைக்க விடுங்க, வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்.

ரவி ஸ்பீக்கர ஃபுல் சார்ஜ் போட்டுக் கொண்டு வா. கரன்ட் போனா இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா அத ரிப்பேர் பண்ணித் தர்றேன்னு சொன்னது ஜமாலு, அதனால நம்பிக்கை இல்ல. தலைக்கு முந்நூறு ரூபா முஸ்தபா காக்காவுக்கு ஜிபே பண்ணிருங்க, குமார் நீ போன பிக்னிக் பாக்கியும் சேத்து அனுப்பு.