பத்துக்கு ஒன்பது படுக்கையறை: படத்தில் இருப்பது, அளவோடு

மேலே பெரிதாக இருக்கும் படம் நாகர்கோவிலில் ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில் எடுத்தது. அறை கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 9 அடி. வாசலில் நின்று, கண் உயரத்தில், சாதாரண லென்ஸில் எடுத்திருக்கிறோம். அறை முழுக்க ஒரே படத்தில் அடங்கவில்லை, இடது ஓரத்தில் அலமாரியின் விளிம்பு வெட்டுப்பட்டுத் தெரிகிறது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அகன்ற லென்ஸில் எடுத்தால் இதே அறை கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். முன்பு அப்படி ஒரு படத்தைப் போட்டிருந்தோம். அதை நம்பிக் கட்டில் வாங்கியவர் வீட்டில் பீரோக் கதவு பாதிதான் திறந்தது. அதிலிருந்து படம் எடுக்கும்போது தரையில் டேப்பை நீட்டிப் போட்டுவிடுகிறோம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே மஞ்சளாகக் கிடப்பது அதுதான்.

வலது பக்கம் கட்டில். மெத்தை 5 அடிக்கு 6½ அடி, சட்டத்தோடு அகலம் 62 அங்குலம். தலைமாடு தெற்கே. வடக்கே தலைவைத்துப் படுக்க நம் வீடுகளில் யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால் எல்லா அமைப்பையும் தெற்கிலோ கிழக்கிலோ தலைமாடு வருகிற மாதிரிதான் வரைகிறோம். இடது பக்கம், கிழக்குச் சுவரில், 5½ அடி நீள அலமாரி. அறைக்கதவு திறந்து அதே சுவரோடு சாயும், அதற்கு 33 அங்குலம் வேண்டும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் அலமாரியின் நீளத்தை முடிவு செய்தோம். சின்ன அறையில் முதலில் அளக்க வேண்டியது கதவு திரும்பும் இடம். கட்டிலின் அளவு அப்புறம்தான்.

இரண்டுக்கும் நடுவே நடைபாதை 28 அங்குலம். ஒருவர் துணிக்கூடையோடு நேராக நடக்கலாம். அலமாரிக்குச் சாதாரணக் கீல் கதவு போட்டிருந்தால், திறக்கிறவர் ஒவ்வொரு முறையும் கால்மாட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டி வரும். அதனால் ஸ்லைடிங் கதவு. ஒரு கதவில் முழுநீளக் கண்ணாடி இருப்பதைப் படத்தில் பார்க்கலாம். எதிரே மேற்கு ஜன்னல். மாலை வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அறைக்குள்ளே திரும்புகிறது. படம் எடுத்தபோது விளக்கு எதையும் போடவில்லை.

கட்டிலுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே 6 அங்குல இடைவெளி தெரிகிறதா? கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் நடைபாதை 34 அங்குலம் ஆகியிருக்கும். ஆனாலும் விட்டிருக்கிறோம். தென்மேற்குப் பருவமழையில் மேற்குச் சுவர்தான் நனையும். சுவர் ஈரம் மெத்தைக்கு ஏறினால், வெளியே தெரியாமல் அடியில் பூசணம் பிடிக்கும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகை மழை வேறு இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மழை பார்க்கிற ஊரில் அந்த ஆறு அங்குலம் வீணான இடம் இல்லை. இதே காரணத்துக்காக அலமாரியின் முதுகும் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிற்கிறது. அந்த அங்குலத்தையும் சேர்த்துத்தான் ஆழம் 24.

கட்டிலுக்கு அடியில் முழுவதும் பெட்டி. டிராயர் வைக்கவில்லை. 28 அங்குலப் பாதையில் டிராயரை இழுத்தால் நிற்க இடம் இருக்காது. மேல்பலகை கால்மாட்டுப் பக்கமாக உயர்ந்து, கேஸ் ஸ்டிரட்டின் பலத்தில் தானே நிற்கும். பலகை ஒரே தகடாக இல்லாமல் சட்டம் சட்டமாக, விரற்கடை இடைவெளி விட்டு அடித்தது. பெட்டியின் பக்கவாட்டிலும் காற்றுத் துளைகள் உண்டு. ஸ்டிரட்டை மெத்தையின் எடையைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறோம். தேங்காய் நார் மெத்தைக்குப் போட்டதை ஃபோம் மெத்தைக்கு அப்படியே விட்டால் பலகை சரியாக மூடி உட்காராது. பிற்பாடு மெத்தை மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து மாற்றித் தருகிறோம்.

கீழே வலது ஓரத்தில் இருக்கும் சின்னப் படம், தலைமாட்டிலிருந்து வடக்குச் சுவரைப் பார்த்து எடுத்தது. அங்கே 27 அங்குலப் பாதை. சுவரில் ஒரு மடக்கு மேசை, மூடியிருக்கும்போது 4 அங்குலம்தான் வெளியே நிற்கும். விரித்தால் 18. நாற்காலி தேவையில்லை, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கலாம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதலாம். கால்மாட்டில் தடுப்புப் பலகை வைக்காததற்குக் காரணம் இதுதான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த அமைப்பில் ஜன்னல் பக்கம் படுக்கிறவர் கால்மாட்டு வழியாகத்தான் இறங்க வேண்டும். இளம் தம்பதிக்குச் சரி. ராத்திரி இரண்டு முறை எழுந்திருக்கிற அம்மா அப்பாவுக்கு இதைத் தரமாட்டோம். அவர்களுக்கு அடுத்த படம்: 3 அடிக் கட்டில், தரையிலிருந்து 20 அங்குல உயரம், உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும். அலமாரி அதே இடத்தில், 4 அடி நீளம் மட்டும். நடுவே நான்கு அடிக்கு மேல் வெற்றுத் தரை. வாக்கர் தாராளமாகத் திரும்பும். இந்தத் தரையைப் பார்த்து, இங்கே ஒரு டீப்பாய் போடலாமே என்று தோன்றும். தயவுசெய்து போடாதீர்கள்.

மூன்றாவது படம் இரண்டு பிள்ளைகளுக்கு. 3 அடிக் கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த இன்னொரு கட்டில், இரவில் இழுத்து, காலையில் தள்ளிவிடலாம். அடுக்குக் கட்டில் கேட்கிறவர்கள் நிறைய. தாழ்வான கூரையில் மேல்தட்டுக்குப் பக்கத்திலேயே மின்விசிறி சுற்றும் என்பதால் இந்த அறைக்கு அதை நாங்கள் செய்வதில்லை.

மரம்: கட்டில் சட்டமும் கால்களும் அயனி. அயனிச்சக்கை தின்று வளர்ந்த நமக்கு அந்த மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், படகுக்கே போகிற மரம். அலமாரிப் பெட்டி 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710 தரம், அதாவது கொதிநீரைத் தாங்கும் பசை. திருகும் கைப்பிடியும் எஸ்.எஸ். 304. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோர வீடு என்றால் முன்பே சொல்லுங்கள், 316 தரம் போட்டுத் தருகிறோம். உப்புக்காற்றில் சாதாரண இரும்புத் திருகின் தலை சீக்கிரமே துருப்பிடித்து, மைக்காவில் பழுப்பாக வழியும்.

எல்லாமே கழற்றிப் பூட்டக்கூடியவை. கட்டில் மேல்பலகை இரண்டு பாகமாக வந்து உங்கள் அறையில்தான் போல்ட்டால் இணையும். மூன்றடி அகல மாடிப்படியின் திருப்பத்தில் சிக்காமல் ஏறியதைக் கடைசிச் சின்னப் படத்தில் பார்க்கலாம்.

விலை கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பகுதிகளில் வீட்டுக்கே வந்து அளவெடுக்கிறோம். அதற்கு முன்பே கடைக்கு வருவதாக இருந்தால் அறையின் நீள அகலம், கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து எத்தனை அங்குலம், பிளக் பாயின்ட் எங்கே என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். மாடிப்படித் திருப்பத்தையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.