ஐந்தடி தள்ளி நில்லுங்கள்

தலைமை ஆசிரியருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். தம்பி தங்கைகளே, உங்களுக்கும் வணக்கம்.

நான் 2004இல் இதே பள்ளியில் பிளஸ் டூ முடித்தவன். இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நாளை உங்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரப்போவதும் நான்தான்.

போன மாதம் உங்கள் வயதுப் பெண் ஒருத்தி பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்தாள். எடுத்து முடித்ததும் போனை நீட்டினாள். முக அழகுக்கு மார்க் போடுகிற ஏதோ ஓர் ஆப் அவளுடைய செல்ஃபிக்குப் பத்துக்கு 5.2 போட்டிருந்தது. "மூக்கை மட்டும் கொஞ்சம் சின்னதாக்கிடுங்கண்ணா" என்றாள்.

அவள் மூக்கில் ஒரு குறையும் இல்லை. கோளாறு கை நீளத்தில். போனை ஓரடி தூரத்தில் பிடித்தால், லென்ஸுக்குக் கிட்டே இருக்கிற மூக்கு பெரிதாகவும் தள்ளியிருக்கிற காது சிறிதாகவும் விழும். 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இதைக் கணக்கே போட்டுக் காட்டினார்கள்: ஐந்தடியில் எடுத்த படத்தைவிட ஓரடியில் எடுத்ததில் மூக்கு சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரியும்.

சரி, சோதித்துப் பார்ப்போமே என்று ஞாயிற்றுக்கிழமை என் முகத்தையே அந்த ஆப்பில் போட்டேன். டியூப்லைட்டுக்கு நேர் கீழே 4.8. ஜன்னல் வெளிச்சத்தில், ஐந்தடி தள்ளி, 7.1. இரண்டுக்கும் நடுவில் ஒரு டீ குடித்தேன், அவ்வளவுதான்.

அப்புறம், கணினிக்கு அழகு எப்படித் தெரியும்? மனிதர்கள் சொல்லிக் கொடுத்துத்தான். சீனப் பல்கலைக்கழகம் ஒன்று ஆராய்ச்சிக்காக வெளியிட்ட தொகுப்பில் 5,500 முகங்கள் இருக்கின்றன. 60 பேர் உட்கார்ந்து அவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போட்டார்கள். நம்மை ஒருநாளும் பார்க்காத 60 பேரின் ரசனை அது. 2016இல் கணினியே நடுவராக இருந்த 'பியூட்டி.ஏஐ' என்ற அழகுப் போட்டியில் வென்ற 44 பேரில் கருத்த நிறத்தவர் ஒரே ஒருவர். கணினியைப் பழக்கிய படங்களில் கருத்த முகங்கள் போதவில்லை என்று நடத்தியவர்களே ஒத்துக்கொண்டார்கள்.

கணினியை மட்டும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெளுப்பாக்கிக் கொடுத்துக் காசு வாங்கியவன் நான். ஒருமுறை ஒரு பாட்டி, பேரனின் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "இது எங்க வீட்டுப் பையன் இல்லையேப்பா, மாத்திக் குடுத்துட்ட போலிருக்கு." அன்றோடு அந்த வேலையை விட்டேன்.

வகுப்பு வாட்ஸாப் குழுவில் கூடப் படிப்பவர்களின் படத்தைப் போட்டு மார்க் கேட்கிறவர்களும் இங்கே இருப்பீர்கள். கேட்காமல் எடுத்த படத்தை இன்றே அழித்துவிடுங்கள். கேட்டு வாங்கிய படமாக இருந்தாலும் மார்க் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் மூக்கை நான் தொடவில்லை. ஐந்தடி தள்ளி நிற்கவைத்து இன்னொரு படம் எடுத்தேன். "இது நான் மாதிரியே இருக்கேண்ணா" என்று எட்டுப் பிரதி வாங்கிப் போனாள்.

நாளை காலை ஒன்பதரைக்கு, வேப்பமரத்தடியில். பவுடர் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். கண்ணை மூடினால் மட்டும் மறுபடி எடுப்பேன்.