முறைப்பாடு: 37.80க்குக் கீழே நான் விற்கச் சொல்லாத 28,500 பங்குகள்

கல்லடி, மட்டக்களப்பு
2025 நவம்பர் 20

முகாமையாளர்,
வாடிக்கையாளர் முறைப்பாட்டுப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

ஏழு வருடமாக உங்கள் நிறுவனத்தின் மூலம் கொழும்புப் பங்குச் சந்தையில் வாங்கி விற்கிறேன். இதுவரை எழுத்தில் ஒரு முறைப்பாடும் தந்ததில்லை. திங்கட்கிழமை, நவம்பர் 17 அன்று, சந்தை திறந்த முதல் நிமிடத்தில் என் கணக்கில் நடந்த விற்பனையைப் பற்றியதுதான் இந்தக் கடிதம். 'அந்தப் பங்கு' என்று நான் கீழே எழுதுவது, அன்றைய ஒப்பந்தக் குறிப்பில் முதல் வரியில் உள்ள பங்கைத்தான்.

முதலில் ஓடர் எப்படிப் போடப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் 13, வியாழக்கிழமை காலை 11.12க்கு உங்கள் இணையத் தளத்தில் நானே போட்டேன். ஓடர் வகை `Stop Limit`. தூண்டு விலை 38.50, லிமிட் 37.80, எண்ணிக்கை 36,000. போட்ட கையோடு திரையைப் படம் எடுத்து வைத்தேன். அது இத்துடன் இருக்கிறது. மனம் கேளாமல் 11.20க்கு உங்கள் முதலீட்டு ஆலோசகருக்கும் தொலைபேசி எடுத்தேன். "38.50 பட்டால் விற்பனைக்குப் போகும், ஆனால் 37.80க்குக் கீழே போகாது, சரிதானே அண்ணன்?" என்று அவரே திருப்பிச் சொல்லிக் கேட்டார். சரி என்றேன். உங்கள் தொலைபேசி உரையாடல்கள் எல்லாம் பதிவாகின்றன என்று ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலேயே சொல்கிறீர்கள். அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை அந்தப் பங்கு 40.20இல் முடிந்தது. மாலையில் காலாண்டுக் கணக்கு வெளிவந்தது, நட்டம். திங்கள் காலை இறங்கித் திறக்கும் என்பது எனக்கும் தெரியும், தெரியாத ஆள் நான் இல்லை. இங்கே விடியற்காலையிலிருந்து அடைமழை. கடையில் கரண்ட் வருவதும் போவதுமாக இருந்தது. 9.30க்குத் திரைக்கு முன்னால் உட்கார முடியாத நாட்களுக்காகத்தானே ஒருவன் ஸ்டொப் போட்டு வைக்கிறான்.

முதல் வியாபாரம் 38.10இல் நடந்தது. தூண்டு விலைக்கும் கீழேதான் சந்தையே திறந்தது என்பதால் என் ஓடர் எழுந்தது சரி. உங்கள் தளத்தின் பதிவில் அதன் நேரம் 09:30:14. அதற்குப் பிறகு நடந்ததுதான் பிழை. 4,200 பங்கு 38.00இலும் 3,300 பங்கு 37.80இலும் போயின. அந்த 7,500 பற்றி எனக்கு ஒரு கதையும் இல்லை. ஓடர் அங்கேயே நின்று, மிச்சம் 28,500 பங்கும் 37.80இல் வரிசையில் காத்திருந்திருக்க வேண்டும். நிற்கவில்லை. 6,000 பங்கு 37.00, 9,000 பங்கு 35.60, கடைசி 13,500 பங்கு 33.90. எல்லாம் 09:30:51க்குள் முடிந்துவிட்டது, அதாவது முப்பத்தேழு விநாடி. சராசரி விலை 35.68.

உங்கள் ஆலோசகரிடம் அன்றே கேட்டேன். "ஓப்பனிங்கில் அப்படித்தான் அண்ணன், ஸ்லிப்பேஜ் வரும்" என்றார். ஸ்லிப்பேஜ் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. வெறும் ஸ்டொப் ஓடர் என்றால், தூண்டு விலை பட்டதும் அது மார்க்கெட் ஓடராக மாறிவிடும், அந்த நேரம் எந்த விலைக்கு வாங்க ஆள் நிற்கிறானோ அந்த விலைக்குப் போகும். 38.50 என்று போட்டுவிட்டு 38.50 கிடைக்கவில்லை என்று அழுவது எனக்கு வெட்கம். ஆனால் லிமிட் என்று ஒன்றைப் பக்கத்தில் எழுதுவதே அந்த ஸ்லிப்பேஜுக்கு ஒரு அடிமட்டம் வைக்கத்தான். விற்காமல் போகலாம், இன்னும் இறங்கினால் பங்கு கையிலேயே தங்கிவிடும் என்ற ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் லிமிட் போட்டேன். அந்த ஆபத்து என்னுடையது. லிமிட்டைத் தாண்டி விற்கும் உரிமையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.

நான் வலையும் எஞ்சின் சாமானும் விற்கிறவன். இந்த விலைக்குக் கீழே கொடுக்காதே என்று பையனிடம் சொல்லிவிட்டுப் போனால், வந்த ஆட்கள் எல்லாம் குறைத்துக் கேட்டார்கள் என்று அவன் சாமானைக் கொடுத்துவிட மாட்டான். கொடுத்தால் நட்டம் யார் கணக்கில் என்பதில் எங்கள் கடைத்தெருவில் இரண்டு பேச்சு இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். அந்த முப்பத்தேழு விநாடியில் 37.00க்கும் அதற்குக் கீழேயும் நடந்த வியாபாரம் முழுவதும் என் பங்குகள்தான். வேறு ஒருவரும் அந்த விலைக்கு விற்கவில்லை. திறந்த உடனே வாங்குவோர் வரிசை மெல்லியதாக இருந்தது, அதற்குள் என் 28,500 பங்கும் விலை பார்க்காமல் கொட்டப்பட்டது, அதனால்தான் 33.90 வரை போனது. 9.41க்குப் பங்கு மறுபடி 37.80இல் நின்றது. அன்று அதற்குப் பிறகு 37.80உம் அதற்கு மேலுமாக 1,10,000க்கும் அதிகமான பங்குகள் கைமாறின, முடிவு விலை 38.60. லிமிட் மதிக்கப்பட்டிருந்தால் என் மிச்சம் முழுவதும் பத்து மணிக்கு முன்னரே விற்றிருக்கும்.

உங்கள் தளத்தில் இப்போது அந்த ஓடரைத் திறந்து பார்த்தால் வகை `Market` என்று இருக்கிறது. வியாழக்கிழமை நான் எடுத்த படத்தில் `Stop Limit`. நடுவில் நான் அதைத் தொடவே இல்லை. யார் மாற்றினார்கள், அல்லது தளமே சந்தைக்கு அனுப்பும்போது லிமிட்டை விட்டுவிட்டதா, எனக்குத் தெரிய வழியில்லை. உங்களுக்கு இருக்கிறது.

இனி காசுக் கணக்கு. 38.50இல் 36,000 பங்குக்கு 13,86,000 ரூபா. கிடைத்தது 12,84,390. குறைவு 1,01,610 ரூபா. இதில் 38.50க்கும் என் லிமிட்டுக்கும் இடையில் போன 24,360 ரூபா என் தலையில், அதை நான் கேட்கவில்லை. லிமிட்டுக்குக் கீழே விற்ற 28,500 பங்கில் போன 77,250 ரூபாதான் என் கோரிக்கை. சரியான விலைக்கு விற்றிருந்தால் அந்தத் தொகைக்கும் 1.12 சதவீதக் கட்டணம் வந்திருக்கும் என்பதால் 865.20 ரூபாவை நானே கழித்துவிட்டேன். ஆக 76,384 ரூபா 80 சதம்.

இந்தத் தொகையை என் கணக்கில் வரவு வைக்கும்படி கேட்கிறேன். அதோடு, ஓடர் போட்ட நேரம் முதல் கடைசிப் பங்கு விற்ற நேரம் வரையான முழுப் பதிவையும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தெரியும் விதத்தில், நவம்பர் 13 தொலைபேசிப் பதிவின் பிரதியோடு அனுப்பிவையுங்கள். பதிவுகளை அதுவரை யாரும் அழித்துவிடக் கூடாது. வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் 'சந்தை ஏற்ற இறக்கத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்ற வாசகத்தை நானும் வாசித்திருக்கிறேன். நான் கேட்பது ஏற்ற இறக்கத்துக்கான நட்டஈடு அல்ல என்பதால் அதை மட்டும் பதிலாக அனுப்ப வேண்டாம்.

டிசம்பர் 4ஆம் திகதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் பங்குச் சந்தைக்கும், இலங்கை பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவுக்கும் அனுப்புவேன். அவ்வளவு தூரம் போக எனக்கு விருப்பமில்லை. அந்த ஆலோசகர் தம்பி இத்தனை வருடமாக என்னோடு நேர்மையாகத்தான் நடந்திருக்கிறார், இது அவருடைய கைப்பிழை என்றும் நான் நினைக்கவில்லை. கடையில் பகல் இரண்டு மணிக்குப் பிறகு ஆள் குறைவு, பேச வேண்டுமானால் அப்போது எடுங்கள். ஆனால் பதில் எழுத்திலேயே வரட்டும்.

இப்படிக்கு,
மோகனராஜ்

இணைப்பு: நவம்பர் 13 ஓடர் திரையின் படம், நவம்பர் 17 ஓடர் பதிவுத் திரையின் படம், ஒப்பந்தக் குறிப்பின் பிரதி, அன்றைய வியாபார விலைப் பட்டியல்.